லவ் ஸ்ப்ரெட்டில் தலைகீழ் கார்டு: தடையா, உள்ளே அடங்கியதா, எதிர்ப்பொருளா?

மல்லிச்சரம் | 6 ஜனவரி, இரவு 10.15

டாரட் பழக ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. ரைடர் வெய்ட் கட்டு வைத்திருக்கிறேன். நேற்று எனக்காகவே ஐந்து கார்டு லவ் ஸ்ப்ரெட் போட்டேன். வந்தது இது:

நான்: குயின் ஆஃப் ஸ்வார்ட்ஸ், நேர்.
அவர்: நைட் ஆஃப் கப்ஸ், தலைகீழ்.
எங்கள் நடுவே: டூ ஆஃப் கப்ஸ், தலைகீழ்.
தடை: எயிட் ஆஃப் ஸ்வார்ட்ஸ், தலைகீழ்.
போகும் திசை: ஃபோர் ஆஃப் வாண்ட்ஸ், தலைகீழ்.

ஐந்தில் நாலு தலைகீழ். ஒரு இடத்தில் சக்தி தடைபட்டிருக்கிறது என்று படித்தேன். இன்னொரு இடத்தில் உள்முகமாகத் திரும்பியிருக்கிறது என்றார்கள். வேறொருவர் நேர் அர்த்தத்துக்கு நேர் எதிர் என்கிறார். மூன்றையும் வைத்துப் பார்த்தால் மூன்று வேறு கதை வருகிறது. அவர் மூன்று வாரமாகப் பேசவில்லை. எந்தக் கதையை எடுத்துக்கொள்வது? அப்புறம், தடை இருக்கும் இடத்திலேயே தலைகீழ் வந்தால் தடை இல்லை என்று ஆகுமா?

வடக்குவீதி | 6 ஜனவரி, இரவு 10.50

குழப்பிக்கொள்ளவே வேண்டாம். தலைகீழ் என்றால் எதிர். டூ ஆஃப் கப்ஸ் சேர்க்கை, கவிழ்ந்தால் பிரிவு. நைட் ஆஃப் கப்ஸ் காதலைச் சொல்ல வருபவன், கவிழ்ந்தால் ஏமாற்றுபவன். ஃபோர் ஆஃப் வாண்ட்ஸ் கல்யாணப் பந்தல், கவிழ்ந்தால் கல்யாணம் நடக்காது. எயிட் ஆஃப் ஸ்வார்ட்ஸ் கட்டு, கவிழ்ந்தால் விடுதலை. சேர்த்துப் படித்தால், அவரை விட்டால் உங்களுக்கு விடுதலை. இவ்வளவு தெளிவான ஸ்ப்ரெட் எனக்கு வந்ததே இல்லை.

கார்த்திகை விளக்கு | 7 ஜனவரி, காலை 6.20

மல்லி, அவசரப்பட்டு அந்த முடிவுக்குப் போகாதீர்கள். ஒன்பது வருடமாகக் கார்டு பார்க்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் நான் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் எதிர்ப்பொருள். கட்டில் 78 கார்டு இருக்கிறது. பிரிவைச் சொல்ல வேண்டுமென்றால் த்ரீ ஆஃப் ஸ்வார்ட்ஸ் இருக்கிறது, இதயத்தில் மூன்று வாள் குத்திய படம். இழந்த துக்கத்துக்கு ஃபைவ் ஆஃப் கப்ஸ். நழுவிப் போகிறவனுக்கு செவன் ஆஃப் ஸ்வார்ட்ஸ். அவை எதுவும் வராமல் டூ ஆஃப் கப்ஸ் கவிழ்ந்து வந்திருக்கிறது. இரண்டு பேரும் கோப்பையோடு எதிரெதிரே நிற்கும் அந்தப் படம் இன்னும் மேசையில்தான் கிடக்கிறது. எனக்கு அது பிரிவைச் சொல்லவில்லை. கோப்பை இருக்கிறது, கைமாறவில்லை என்று சொல்கிறது.

அடுத்து உள்முகம். 2019-ல் ஒரு தோழிக்குப் பார்த்தேன். அவர் என்ற இடத்தில் கிங் ஆஃப் கப்ஸ் தலைகீழாக வந்தது. 'மனதுக்குள் நிறைய இருக்கிறது, வெளியே காட்டத் தெரியாதவர்' என்றேன். கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. எனக்கும் நிம்மதி. எட்டு மாதம் காத்திருந்தாள். அந்த ஆளுக்கு அவர் வீட்டில் ஏற்கெனவே நிச்சயமாகியிருந்தது. பழைய புத்தகத்தில் அந்தக் கார்டு கவிழ்ந்தால் இரட்டை வேடம் போடுகிறவன் என்று இருக்கிறது. நான் அதைப் படித்திருந்தும் ஒதுக்கினேன். உள்முகம் என்பது கேட்க இதமாக இருந்ததுதான் காரணம்.

அதிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். உள்முகம் என்ற அர்த்தத்தைக் கேட்பவரின் சொந்த இடத்தில் மட்டும்தான் எடுப்பேன். அது சரியா என்று அவரே தன்னைக் கேட்டுப் பார்த்துச் சொல்ல முடியும். அடுத்த ஆளின் இடத்தில் எடுத்தால் யாராலும் சரிபார்க்க முடியாது. அவர் பேசினாலும் பொருந்தும், பேசாவிட்டாலும் பொருந்தும். அங்கே தடை என்று மட்டும் படிக்கிறேன், அதுவும் வாங்கும் பக்கத்திலிருந்து. உங்கள் நைட் கோப்பையை ஏந்திக் குதிரையில் வருகிறவன். கவிழ்ந்திருக்கிறான் என்றால் அவன் கொண்டுவருவது உங்களிடம் வந்து சேரவில்லை. ஏன் என்று இந்தக் கார்டு சொல்லாது. மூன்று வாரமாகப் பேச்சில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள், அதோடு இது ஒத்துப்போகிறது.

தடை இடத்து எயிட் ஆஃப் ஸ்வார்ட்ஸ் பற்றி மாலையில் எழுதுகிறேன். வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

சுக்ரதசை | 7 ஜனவரி, காலை 9.05

தலைகீழ் என்பது நம் ஜோதிடத்தில் கிரகம் பின்னோக்கிப் போகும் வக்கிரம்தான். எனக்குச் சுக்கிரன் வக்கிரம். 34 வயதாகிறது, பார்த்த ஏழு வரனும் தட்டிப்போனது. தங்கை மல்லிச்சரம், உங்கள் ஜாதகத்திலும் சுக்கிரன் வக்கிரமா என்று பாருங்கள். அப்படி இருந்தால் கார்டு கவிழ்ந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

ஊசிநூல் | 7 ஜனவரி, மதியம் 1.30

சுக்ரதசை தம்பி, வக்கிரத்தை இங்கே கொண்டுவந்தால் உங்கள் வாதமே மாறிப்போகும். ஷட்பல கணக்கில் வக்கிரகதியில் இருக்கும் கிரகத்துக்குச் சேஷ்டா பலம் கூடுதல். அதாவது பலம் ஏறுகிறது. கவிழ்ந்த கார்டைப் பலவீனம் என்று படித்துவிட்டு அதை வக்கிரத்தோடு சேர்க்க முடியாது. ஏழு வரன் போனதற்குக் காரணத்தைச் சுக்கிரன் தலையில் மட்டும் போட வேண்டாம்.

கார்த்திகை, உங்கள் 78 கார்டு வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்கு வரலாற்றிலேயே ஒரு ஆதாரம் உண்டு. கவிழ்ந்த கார்டுக்குத் தனி அர்த்தம் எழுதி அச்சில் கொண்டுவந்த ஆரம்பகால ஆள் பாரிஸில் இருந்த எத்தெய்யா. அலியெத் என்ற தன் குடும்பப் பெயரைத் திருப்பி எழுதி வைத்துக்கொண்ட புனைபெயர் அது. 1770-ல் அவர் எழுதிய முதல் புத்தகம் டாரட்டைப் பற்றியதே இல்லை. பிக்கே என்ற ஆட்டத்துக்கான 32 சீட்டையும் கூடுதலாக ஒரு சீட்டையும் வைத்துக் குறி சொல்வது பற்றியது. 32 சீட்டில் ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதையும் சொல்ல வேண்டும். சீட்டு போதாது. நேர், தலைகீழ் என்று இரண்டாக்கினால் 64 கிடைக்கிறது. பிறகு 1785-ல் டாரட்டுக்கு வந்தபோதும் அதே பழக்கத்தைக் கூடவே கொண்டுவந்தார். 78 கார்டு இருக்கும் கட்டுக்கு இது அவசியமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆனால் வடக்குவீதி சொன்னதில் ஒன்று அடியோடு தவறு. ஃபோர் ஆஃப் வாண்ட்ஸ் கவிழ்ந்தால் கல்யாணம் நடக்காது என்கிறார். மல்லி வைத்திருக்கும் கட்டை உருவாக்கிய வெய்ட் 1911 புத்தகத்தில், இந்தக் கார்டு கவிழ்ந்தாலும் அர்த்தம் மாறாது என்று நேராகவே எழுதியிருக்கிறார். செழிப்பு, பெருக்கம், மகிழ்ச்சி, எல்லாம் அப்படியே. தலைகீழ் எல்லாமே எதிர் என்பவர்கள் இந்த ஒரு கார்டுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

வடக்குவீதி | 7 ஜனவரி, மதியம் 2.10

ஒரு கார்டு விதிவிலக்கு, சரி. ஆனால் நைட் ஆஃப் கப்ஸ் கவிழ்ந்தால் தந்திரம், மோசடி என்று அதே வெய்ட்தான் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தையும் திறந்து காட்டுங்கள் அம்மா.

ஊசிநூல் | 7 ஜனவரி, மதியம் 2.45

ஆமாம், எழுதியிருக்கிறார். அதில் நீங்கள் சொல்வது சரி. அதே ஆள் டூ ஆஃப் கப்ஸுக்குப் பிரதான பட்டியலில் தலைகீழ் அர்த்தமே தரவில்லை. பின்னால் வரும் கூடுதல் குறிப்பில்தான் தருகிறார். ஒரே ஒரு சொல், மோகம். பிரிவு என்று எங்கும் இல்லை. ஃபைவ் ஆஃப் கப்ஸ் கவிழ்ந்தால் சேதி, உறவு, திரும்பி வருதல். டென் ஆஃப் ஸ்வார்ட்ஸ் கவிழ்ந்தால் லாபம், வெற்றி, ஆனால் நிலைக்காதது. சில கார்டில் எதிர், சிலதில் தணிவு, சிலதில் சம்பந்தமே இல்லாத வேறொன்று. அவரிடம் ஒரே சூத்திரம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. தனக்கு முன்னால் இருந்தவர்களிடமிருந்து சேர்த்துத் தொகுத்த பட்டியல் அது.

கார்த்திகை விளக்கு | 7 ஜனவரி, இரவு 9.30

காலையில் விட்ட இடத்துக்கு வருகிறேன்.

எயிட் ஆஃப் ஸ்வார்ட்ஸ் படத்தை நிதானமாகப் பாருங்கள். கண்ணைக் கட்டி, உடலைச் சுற்றித் துணி கட்டிய ஒரு பெண். சுற்றிலும் எட்டு வாள் நட்டிருக்கிறது. காவலுக்கு யாரும் இல்லை. காலில் கட்டு இல்லை. முன்பக்கம் வாளே இல்லை. நேராக வந்தாலே அந்தக் கார்டு தன்னைத் தானே அடைத்துக்கொண்ட நிலையைத்தான் சொல்கிறது. அதனால் இங்கே உள்முகம் என்று படிப்பதில் புதிதாக ஒன்றும் கிடைக்காது. கார்டே ஏற்கெனவே உள்முகம்தான்.

தடை என்ற இடத்தில் தலைகீழ் வந்தால் தடை இல்லை என்று ஆகுமா என்று கேட்டீர்கள். ஆகாது என்றே நினைக்கிறேன். இடம் ஒரு கேள்வி, கார்டு அதற்கு வரும் பதில். 'எது தடுக்கிறது' என்று கேட்டிருக்கிறீர்கள். எப்படிப் படுத்திருந்தாலும் வந்த கார்டு அதற்குத்தான் பதில் சொல்கிறது. இரண்டு எதிர்மறையைப் பெருக்கி நேர்மறை ஆக்குவது கணக்கில் சரி, இங்கே கேள்வியையே அழித்துவிடும். நான் முதலில் நேராக வந்ததாகவே வைத்து ஒரு வாக்கியம் எழுதுவேன்: 'நீங்கள் கட்டுண்டதாக நினைப்பதுதான் தடை.' பிறகு கவிழ்ந்திருப்பதை அளவாக மட்டும் சேர்ப்பேன்: 'அந்தக் கட்டு இறுக்கமாக இல்லை, தளர்ந்துகொண்டிருக்கிறது.' அதற்குமேல் அதில் ஏற்றமாட்டேன்.

உங்களைச் சொல்லும் இடத்தில் குயின் ஆஃப் ஸ்வார்ட்ஸ் நேராக உட்கார்ந்திருக்கிறாள். நேரே கேட்கத் தெரிந்தவள். தடையோ கண்ணைக் கட்டிக்கொண்ட பெண். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கேள்வி நீங்கள் கேட்காமல் வைத்திருக்கிறீர்களோ?

மல்லிச்சரம் | 7 ஜனவரி, இரவு 10.40

வைத்திருக்கிறேன். அக்கா, அதை இங்கே எழுத வேண்டாம் என்று நினைத்தேன். அவருக்கு நான் அனுப்பிய கடைசிச் செய்தியே கேள்வி இல்லை. 'பரவாயில்லை, நேரம் கிடைக்கும்போது பேசுங்கள்' என்றுதான் எழுதினேன். அதற்கு என்ன பதில் போடுவார்?

ஆட்டக்காரன் | 8 ஜனவரி, காலை 7.15

எனக்கு டாரட் தெரியாது. என் மனைவி இந்த இழையைக் காட்டினாள். முப்பது வருடமாக ரம்மி ஆடுகிறேன், அதனால் ஒரு சந்தேகம்.

ஐந்தில் நாலு தலைகீழ் என்பதைப் பெரிய விஷயமாகச் சொல்கிறீர்கள். கட்டில் பாதி சீட்டு தலைகீழாகக் கிடந்தால், ஐந்து எடுக்கும்போது நாலோ ஐந்தோ தலைகீழாக வர 32-க்கு 6 வாய்ப்பு. ஐந்து தடவை போட்டால் ஏறக்குறைய ஒரு தடவை வந்துவிடும். அதிசயம் ஒன்றும் இல்லை.

என் கேள்வி வேறு. கையில் வைத்து மேலும் கீழும் கலைத்தாலும், இரண்டாகப் பிரித்து விசிறிக் கலைத்தாலும் எந்தச் சீட்டும் தலைகீழாகத் திரும்பாது. இடம்தான் மாறும். யாராவது ஒரு பாதியை எடுத்து அரைவட்டமாகத் திருப்பி வைத்தால்தான் தலைகீழ் உண்டாகும், அல்லது மேசையில் பரப்பி இரண்டு கையாலும் துழாவ வேண்டும். மல்லி எப்படிக் கலைக்கிறார்? அதைவிட முக்கியம், சீட்டை எப்படித் திறக்கிறார்? புத்தகப் பக்கம் புரட்டுவதுபோல் பக்கவாட்டில் திறந்தால் நேர் நேராகவே வரும். தோசை திருப்புவதுபோல் கீழ் விளிம்பைத் தூக்கி மேலே போட்டால், நேராக இருந்த சீட்டு தலைகீழாகத்தான் விழும். ஒரு சீட்டை எடுத்துச் செய்து பாருங்கள்.

மல்லிச்சரம் | 8 ஜனவரி, இரவு 8.20

சார், செய்து பார்த்தேன். தலை சுற்றுகிறது.

என் கட்டு வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. பழகியது தோழியின் கட்டில். புதிதாகப் பிரித்தபோது எல்லாம் நேராக இருந்தது. கையில் வைத்துத்தான் கலைக்கிறேன், பாதியைத் திருப்பி வைக்கும் பழக்கமே இல்லை. திறப்பது தோசை மாதிரிதான். அப்படிச் செய்கிறேன் என்று இன்றைக்கு வரை கவனித்ததில்லை. முதல் கார்டு மட்டும் கலைக்கும்போது தானாக வெளியே விழுந்தது. அதைப் பக்கவாட்டில் எடுத்து வைத்தேன். அது நேர். மீதி நாலும் தலைகீழ்.

அப்படியானால் என் ஸ்ப்ரெட்டில் தலைகீழே இல்லையா?

வடக்குவீதி | 8 ஜனவரி, இரவு 8.45

இருக்கிறது. மேசையில் எப்படித் தெரிந்ததோ அதுதான் செய்தி. உங்கள் கை அப்படித் திருப்பியதும் நடக்க வேண்டியதுதான். கையை விட்டுவிட்டுக் கார்டு தனியாகப் பேசுவதில்லை.

கார்த்திகை விளக்கு | 8 ஜனவரி, இரவு 11.00

ஆட்டக்காரன் சார், உங்களுக்கு என் நன்றி. இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் இரண்டு நாளாக அர்த்தம் எழுதிக்கொண்டிருந்தேன்.

வடக்குவீதி சொல்வதில் பாதி சரி என்று நினைக்கிறேன். கை செய்வதும் வாசிப்பின் பகுதிதான். ஆனால் ஒரு அடையாளம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால், அது இரண்டு விதமாகவும் வர இடம் இருக்க வேண்டும். சோழி உருட்டும்போது எத்தனை நிமிர்ந்து விழுந்தது என்று எண்ணுகிறோம். ஒவ்வொரு சோழியும் கவிழ்ந்தும் விழுந்திருக்கலாம் என்பதால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. மல்லியின் கட்டில் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தது, திறந்ததும் ஒரே விதம். அந்த நாலு கார்டும் நேராக வந்திருக்க வழியே இல்லை. நாளைக்கு வேறு கேள்விக்குப் போட்டாலும் தலைகீழாகத்தான் வரும்.

அதனால் மல்லி, இந்த ஸ்ப்ரெட்டில் தலைகீழைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதற்காகக் கார்டுகளையெல்லாம் நேராக்கி, 'ஆஹா, டூ ஆஃப் கப்ஸ் நேர், ஃபோர் ஆஃப் வாண்ட்ஸ் நேர், கல்யாணம்தான்' என்றும் போய்விடாதீர்கள். பிடித்த பதில் வரும்வரை திருப்பிக்கொண்டே போவதாகிவிடும். எந்தக் கார்டு எந்த இடத்தில் வந்தது என்பது மட்டும் நம்பக்கூடியது. நைட், அவர் இடத்தில். இரண்டு கோப்பை, நடுவில். கண் கட்டிய பெண், தடை இடத்தில். குயின் பற்றி நான் சொன்னதும் அந்தக் கேள்வியும் தலைகீழை நம்பி எழுதியவை இல்லை, அவை நிற்கும். நைட் கொண்டுவருவது சேரவில்லை என்றதையும், கட்டு தளர்கிறது என்றதையும் திரும்பப் பெறுகிறேன்.

இனிமேல் தலைகீழ் வேண்டும் என்றால் மேசையில் பரப்பி நன்றாகத் துழாவிக் கலையுங்கள். எப்போதும் பக்கவாட்டிலேயே திறங்கள். எதிரில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் யார் பக்கத்திலிருந்து நேர் என்பதையும் கலைக்கும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நான் என் பக்கத்திலிருந்து எடுக்கிறேன். வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் நேராக்கி வைத்துக்கொள்ளுங்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

ஊசிநூல் | 9 ஜனவரி, காலை 10.10

தலைகீழே இல்லாமல் படிக்கும் வழி ஒன்றைச் சொல்கிறேன். நான் இப்படித்தான் பார்க்கிறேன். 19-ம் நூற்றாண்டு முடியும்போது லண்டனில் இருந்த கோல்டன் டான் என்ற மறைஞானக் குழுவினர் கார்டு கவிழ்ந்ததா என்று பார்க்காமல், பக்கத்தில் எந்தப் பூதம் இருக்கிறது என்று பார்த்தார்கள். கப்ஸ் நீர், வாண்ட்ஸ் நெருப்பு, ஸ்வார்ட்ஸ் காற்று, பெண்டகிள்ஸ் நிலம். நீரும் நெருப்பும் ஒன்றையொன்று தணிக்கும். காற்றும் நிலமும் அப்படியே. மற்ற ஜோடிகள் ஒத்துப்போகும். ஒரே பூதம் பக்கத்தில் வந்தால் நல்லதோ கெட்டதோ பலம் கூடும். தடைபட்டது என்று நீங்கள் தலைகீழில் தேடுவதை நான் பக்கத்துக் கார்டில் தேடுகிறேன்.

மல்லி ஐந்தையும் ஒரே வரிசையாக வைத்தார் என்று எடுத்துக்கொண்டால், நடுவில் இருக்கும் டூ ஆஃப் கப்ஸுக்கு ஒரு பக்கம் நைட் ஆஃப் கப்ஸ், நீர். மறுபக்கம் எயிட் ஆஃப் ஸ்வார்ட்ஸ், காற்று. தணிப்பவர் யாரும் இல்லை. இந்த முறையில் அந்தப் பிணைப்பு வலுவாக இருக்கிறது. கார்த்திகை 'கைமாறவில்லை' என்று படித்த அதே கார்டு.

கார்த்திகை விளக்கு | 9 ஜனவரி, இரவு 9.50

ஊசிநூல் அம்மா, உங்கள் முறையை மதிக்கிறேன். ஆனால் வலுவான பிணைப்பு என்று சொன்னால் மூன்று வார மௌனத்தை எங்கே வைப்பது? கட்டுப்போட்ட எட்டு வாளும் காற்றுதான், நீரோடு ஒத்துப்போகிறது என்று முறை சொல்கிறது. அப்படியென்றால் அந்தக் கட்டுக்கும் பலம் ஏறுகிறதா?

ஊசிநூல் | 10 ஜனவரி, காலை 8.00

ஏறுகிறது. பிணைப்பும் பலம், கட்டும் பலம். அதனால்தான் அந்தப் பெண் அவரை விடவும் இல்லை, கேட்கவும் இல்லை. எனக்கு முரண்பாடாகத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் அதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

சுக்ரதசை | 10 ஜனவரி, மதியம் 12.30

ஊசிநூல் அம்மா சொன்ன பிறகு ஜாதகத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். வக்கிரம் பலம் என்றால் எனக்கு ஏன் தாமதம்? ஏழாம் வீட்டில் சனி. அதை இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை. மன்னிக்கவும், இழை வேறு எங்கோ போகிறது. ஒரு கார்டு மட்டும் கேட்கலாமா? நேற்று என் தங்கை எனக்காக எடுத்தாள், தி லவர்ஸ், தலைகீழ்.

கார்த்திகை விளக்கு | 10 ஜனவரி, இரவு 10.05

தங்கை எப்படிக் கலைத்தாள், எப்படித் திறந்தாள் என்று முதலில் கேட்டுச் சொல்லுங்கள் தம்பி. அது தெரியாமல் இனி நான் எதுவும் சொல்வதாக இல்லை.

சுக்ரதசை | 10 ஜனவரி, இரவு 10.20

தோசை.

ஆட்டக்காரன் | 10 ஜனவரி, இரவு 10.25

இந்த வீட்டிலும் அதேதான். என் மனைவி இரண்டு நாளாகப் பக்கவாட்டில் திறந்து பழகுகிறாள்.

மல்லிச்சரம் | 19 ஜனவரி, இரவு 9.00

கேட்டுவிட்டேன். 'தொடர வேண்டும் என்று நினைக்கிறீர்களா, இல்லையா' என்று ஒரே வரி. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இப்போது எதையும் யோசிக்க முடியவில்லை என்றார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வடக்குவீதி சொன்ன ஏமாற்றுக்காரராக எனக்குத் தெரியவில்லை. மனதுக்குள் வைத்திருக்கிறார் என்றும் தோன்றுகிறது. ஆனால் கார்த்திகை அக்கா சொன்ன தோழி கதை ஞாபகம் வந்து பயமாக இருக்கிறது. மறுபடி கார்டு போட்டுப் பார்க்கலாமா?

வடக்குவீதி | 19 ஜனவரி, இரவு 9.30

அப்பா உடம்பு விஷயம் தெரியாமல் ஏமாற்றுபவர் என்று எழுதிவிட்டேன். அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தலைகீழ் எதிர்தான் என்பதை இன்னும் விடவில்லை, ஆனால் ஆளைப் பற்றிச் சொல்லும்போது இனி யோசிப்பேன்.

கார்த்திகை விளக்கு | 20 ஜனவரி, காலை 6.40

மல்லி, அதே கேள்விக்கு இப்போது போடாதீர்கள். புதிதாகத் தெரிந்தது அவர் அப்பாவின் உடல்நிலை. அதைக் கார்டு சொல்லவில்லை, அவரே சொன்னார். போட்டே ஆக வேண்டும் என்று இருந்தால் ஒரே கார்டு, உங்களுக்கு மட்டும்: 'எவ்வளவு நாள் காத்திருப்பது எனக்குத் தாங்கும்?' அதில் தலைகீழ் வந்தால் உள்முகம் என்று தாராளமாகப் படியுங்கள். பதில் உங்களுக்குள் இருக்கிறது, நீங்களே சரிபார்க்கலாம்.

கார்த்திகை விளக்கு | 2 பிப்ரவரி, இரவு 11.20

இழையை மூடிவிட்டார்களோ என்று பார்த்தேன், இல்லை. ஒன்று எழுத வேண்டியிருக்கிறது.

இந்தப் பேச்செல்லாம் ஓடியதில் 2019 நோட்டை எடுத்தேன். அந்த வாசிப்பு முழுதாக இருந்தது, தேதியோடு. கிங் ஆஃப் கப்ஸ், தலைகீழ், பக்கத்தில் என் கையெழுத்தில் 'ஆழமானவர், காட்டத் தெரியாதவர்'. எப்படிக் கலைத்தேன் என்று எழுதவில்லை. அந்த நாளில் நானும் பாதியைத் திருப்பி வைக்காமல் கலைத்தவள்தான் என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் கார்டு நேராகவேகூட இருந்திருக்கலாம். நேர் என்றால் நிதானமானவர், பொறுப்பானவர் என்று இன்னும் நம்பிக்கையாகச் சொல்லியிருப்பேன்.

நேற்று அந்தப் பக்கத்தைத் தோழியிடம் காட்டினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். இப்போது அவளுக்கு ஒரு பெண் குழந்தை, தூங்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நோட்டைப் படித்தாள். 'நீ ஏமாற்றுக்காரன் என்று சொல்லியிருந்தாலும் நான் காத்திருந்திருப்பேன். உன்னிடம் வருவதை மட்டும் நிறுத்தியிருப்பேன்' என்றாள்.

அடுத்த ஆளின் இடத்தில் உள்முகம் எடுக்கமாட்டேன் என்ற விதியை மாற்றவில்லை. ஆனால் அவள் வராமல் போயிருந்தால் அந்த எட்டு மாதமும் யாரிடம் பேசியிருப்பாள் என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஊசிநூல் அம்மா, உங்களுக்கு இப்படி யாராவது வந்திருக்கிறார்களா?

ஊசிநூல் | 3 பிப்ரவரி, காலை 7.30

வந்திருக்கிறார்கள். கார்டை மூடி வைத்துவிட்டுக் காபி போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு என்ன கார்டு வந்தது என்று எந்த நோட்டிலும் இல்லை.